பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது?

தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிற்சாலைகள் 4 தேசிய விடுமுறைகளோடு 5 பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்துடன் தரவேண்டும். அந்த நாளில் வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. இரண்டில் எது என்று தீர்மானிப்பது தொழிலாளி. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

சிக்கல் பண்டிகைக்கு முன்னும் பின்னும்தான். ஒரு நூற்பாலையில் ஷிப்டுக்கு 12 பேர், இயந்திரம் ஓட 9 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலை ஒட்டி 7 பேர் லீவு கேட்கிறார்கள். 3 பேரைத்தான் அனுப்ப முடியும். முதலில் கேட்டவருக்கே கொடுத்தால் ஆண்டுதோறும் அதே முகங்கள்தான் ஊருக்குப் போகும். நல்ல மேலாளர் ஒரு கடைசித் தேதி வைத்து எல்லா விண்ணப்பங்களையும் வாங்குவார். சென்ற பொங்கலுக்கு ஆலையிலேயே இருந்தவர்களுக்கு முதலிடம். மற்றவர்களுக்கு அடுத்த தீபாவளியில் முன்னுரிமையை இப்போதே எழுதிவைப்பார், வாய்ச்சொல் போதாது.

ரம்ஜானுக்கு இது மட்டும் உதவாது. பிறை தெரிந்தால்தான் நாள் உறுதி. அதனால் அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கும் மாற்றாள் பெயரை முன்பே குறிக்கவேண்டும். முந்தைய இரவில் போன் போட்டுத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.