முகவரியை வலமிருந்து படியுங்கள்

அலுவலகங்களுக்கு வகுப்பு எடுக்கப் போனால் பலகையில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்:

```
https://incometax.gov.in.example.com/refund
```

"இது யாருடைய தளம்?" என்று கேட்பேன். வருமான வரித்துறை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். துறையின் உண்மையான முகவரியான incometax.gov.in அதில் அப்படியே இருக்கிறதே! ஆனால் தளத்தின் சொந்தக்காரரைக் காட்டுவது, https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர். அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால் com, அதற்கு முன் example. இந்த example என்ற இடத்தில் மோசடிக்காரர் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பெயரும் இருக்கலாம். அதற்கு இடப்பக்கம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வாசலில் யார் பெயரைப் பலகையில் மாட்டினாலும் வீடு பத்திரத்தில் உள்ளவருடையதுதானே? பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. திருடரின் தளத்துக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஜூலை மாதம், கணக்குத் தாக்கல் பரபரப்பு. "ரூ.15,490 ரீஃபண்ட் தயார், இன்றே வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவு ஊழியர் கைபேசியில் இணைப்பைத் தொடுகிறார். சின்னத் திரையில் முகவரி முழுதாகத் தெரியவில்லை. தன் வங்கியைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார். அதே நொடியில் அவற்றை மோசடிக்காரர் உண்மையான வங்கித் தளத்தில் இடுகிறார். வங்கி உண்மையான ஓடிபி அனுப்புகிறது. ஊழியர் அதையும் போலிப் பக்கத்தில் தட்டிவிடுகிறார். "புதிய பயனாளியைச் சேர்க்க" என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் நாம் இலக்கங்களை மட்டும்தான் பார்க்கிறோம். என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான்: ஓடிபி எதற்காக வந்தது என்று படித்த பிறகே இலக்கத்தைத் தொடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

இனி மூன்று கேள்விகள்.

Chennai@123, அல்லது தொடர்பில்லாத நான்கு சொற்கள். எது நல்ல கடவுச்சொல்? முதலாவதில் பெரிய எழுத்து, குறி, எண் எல்லாம் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரும் 123-உம் திருடர்கள் முதலில் போட்டுப் பார்ப்பவை. குருட்டாம்போக்கில் எடுத்த நான்கு சொற்களே வலுவானவை. அவற்றையும் ஒரே ஒரு கணக்குக்குத்தான் வைக்க வேண்டும்.

வழக்கமாகக் கடவுச்சொல்லைத் தானே நிரப்பும் மேலாளர் செயலி இன்று நிரப்பவில்லை. கையால் தட்டலாமா? கூடாது. சேமித்த முகவரியில் மட்டுமே அது நிரப்பும். முதலில் முகவரியைப் பாருங்கள்.

மேலதிகாரியின் படத்துடன் புதிய எண்ணிலிருந்து வாட்ஸப்: "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பண்ணாதீர்கள், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்." என்ன செய்வீர்கள்? உங்களிடம் ஏற்கெனவே உள்ள அவருடைய பழைய எண்ணுக்கு அழையுங்கள்.