‘சுமார் ஐந்து’ எந்தப் பக்கம்?

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். லேத் வேலைக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்திருக்கின்றன. 2026 ஏப்ரல் 30 அன்று ஐந்து ஆண்டு அனுபவம் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பங்களிலோ ஒருவர் ‘சுமார் 5 வருட அனுபவம்’ என்கிறார். இன்னொருவர் ‘ஒரு நாலஞ்சு வருஷம் பார்த்திருக்கேன்’ என்கிறார். மூன்றாமவர் ‘அஞ்சாவது வருஷம் நடக்குது’ என்றும், நான்காமவர் ‘57 மாதம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் தானே எண்ணாக்கித் தரம் பிரித்துவிடும் என்று சொல்லி ஒரு மென்பொருளை விற்கிறார்களாம். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்கும் முன் இந்த நான்கு வரிகளையே அதற்குக் கொடுத்துப் பாருங்கள் என்பது என் பதில். எழுத்துக்கு நடுவிலிருந்து எண்ணை மட்டும் பொறுக்கும் நிரல்களுக்கு முதல் வரியில் 5 கிடைக்கும். ‘சுமார்’ காணாமல் போகும். ‘4-5’ என்று எழுதியிருந்தால் நடுக்கோடு தொலைந்து 45 ஆவதும் உண்டு. அலகைக் கவனிக்காத நிரல் 57 மாதத்தை 57 ஆண்டு என்று படிக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது மூன்றாவது வரி. ஐந்தாவது ஆண்டு நடக்கிறது என்றால் நான்குதான் முடிந்திருக்கிறது. தகுதி இல்லை என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எண் பொறுக்கும் நிரலோ அவரை உள்ளே அனுப்பிவிடும். முதியோர் ஓய்வூதிய மனுக்களிலும் இதே சிக்கல் வரும். ‘அறுபது நடக்குது’ என்பவருக்கு முடிந்த வயது 59. விதி கேட்பது 60.

தோராயச் சொற்களை எண்ணாக்கும் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், தோராயமாகச் சொல்லப்படும் எண் தன் பிழையின் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது என்பதுதான். ‘சுமார் 50 பேர் வந்தார்கள்’ என்றால் 45 முதல் 55 வரை மனம் ஒப்புக்கொள்கிறது. ‘சுமார் 47 பேர்’ என்றால் 46, 48க்கு மேல் விலக மனம் வருவதில்லை. ‘சுமார்’ என்ற சொல் இரண்டிலும் ஒன்றுதான். அகலத்தைத் தீர்மானிப்பது எண்ணின் உருட்சி. மான்ஃப்ரெட் கிரிஃப்கா போன்ற மொழியியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பேசுபவர் மனத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை, அவர் தேர்ந்தெடுக்கும் எண் காட்டிக்கொடுக்கிறது.

நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். மரக்காலால் அளப்பவர் ‘ஐந்து’ என்றால் ஒன்றிரண்டு படி கூடக் குறைய இருக்கலாம். ஆழாக்கால் அளப்பவர் ‘ஐந்து’ என்றால் கைப்பிடி அளவுதான் தவறும். ஆகவே எண்ணைப் படிக்கும் முன் பாத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைதட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்பது அடுத்த கேள்வி. ‘முடிந்தது’ என்பது தலைதட்டிய அளவு. ‘நடக்கிறது’ என்பது, கடைசி மரக்கால் நிரம்பும் முன்பே அதையும் எண்ணிக்கொள்வது. யார் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். வாங்கும்போது பெரிய மரக்காலும் கொடுக்கும்போது சிறிய மரக்காலும் எடுப்பவரைப் போல, ஐந்து ஆண்டு தேவை என்று விளம்பரத்தில் படித்துவிட்டு எழுதுபவரின் கை நாலரையை ஐந்தாக்கவே நீளும். விதியின் எல்லையிலேயே வந்து நிற்கும் உருண்டை எண்ணை மற்ற எண்களைவிடக் குறைவாக நம்ப வேண்டும்.

பாத்திரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அதே ஆள் எழுதிய மற்ற எண்களைப் பார்ப்பது. முதல் விண்ணப்பதாரர் வேறிடங்களில் ‘3 வருடம்’, ‘7 வருடம்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் அவருடைய கோல் ஓராண்டுக் கோல். அவரது ‘சுமார் 5’ நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எல்லா இடத்திலும் 5, 10, 15 என்றே எழுதியிருந்தால் ஐந்தாண்டு மரக்கால்; மூன்றிலிருந்து ஏழு வரை எதுவும் சாத்தியம். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. ‘நாலஞ்சு’, ‘ஏழெட்டு’, ‘பத்துப் பதினைஞ்சு’, ‘முப்பது நாப்பது’ என்று எண்களை ஜோடியாகச் சொல்கிறோம். ஜோடிக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் அவர் கோலின் கோடு. நாலஞ்சு என்பவர் ஒன்றொன்றாக அளக்கிறார். பத்துப் பதினைஞ்சு என்பவர் ஐந்தைந்தாக அளக்கிறார். மாதக் கணக்கில் எழுதியவரின் கோல் எல்லாரையும்விட நுட்பமானது. 57 மாதம் என்பது நாலே முக்கால் ஆண்டு. ஓரிரு மாதம் தவறியிருந்தாலும் ஐந்தைத் தொடாது.

மக்கள் இப்படி உருட்டுகிறார்கள் என்பது ஊகம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணையைப் படமாக வரைந்தால் 40, 45, 50, 60 ஆகிய இடங்களில் கோபுரங்களும் 41, 51, 61 ஆகிய இடங்களில் பள்ளங்களும் தெரியும். இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 இலக்கங்களில் முடியும் வயதைச் சொன்னவர்கள் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். உண்மையான வயதாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குக் குறியீடு 100. எல்லாருமே உருட்டிச் சொன்னால் 500.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1965இல் லோட்ஃபி ஸாதே, ‘சுமார் ஐந்து’ போன்றவற்றுக்குக் கணித வடிவம் கொடுத்தார். 4.8 என்பது ‘சுமார் ஐந்’தில் எந்த அளவுக்கு அடங்கும் என்று 0க்கும் 1க்கும் இடையில் ஒரு மதிப்பெண் தருவது அவர் முறை. 1987இல் ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயில் அந்த முறையில் ஓடத் தொடங்கியது. பின்னர் சலவை இயந்திர விளம்பரங்கள் வரை அந்த முறையின் பெயர் பரவியது. ரயிலை மெல்ல நிறுத்த 0.7 உதவும். வேலை கொடுப்பதா இல்லையா என்ற இடத்தில் 0.7ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு ஓர் எல்லை தேவை. சிக்கல் ஓரடி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ‘87 விழுக்காடு பொருத்தம்’ என்று திரையில் காட்டும் மென்பொருளிடம் நான் கேட்க விரும்புவதும் இதையேதான்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி சொந்த மண்ணிலேயே இருக்கிறது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியின் பெரும் சோதனை தொடங்கியது. இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. காசநோய்க் கிருமி ஏற்கெனவே தொற்றியவர் யார், தொற்றாதவர் யார் என்று பிரிக்க வேண்டியிருந்தது. அதற்கு டியூபர்குலின் ஊசி போட்டு, சில நாள் கழித்துத் தோலில் எழும் தடிப்பின் அகலத்தை அளந்தார்கள். தடிப்பின் ஓரம் மங்கலானது. அளப்பவர் கையும் 10, 15 போன்ற எண்களை நோக்கியே சாய்வது எல்லா நாட்டிலும் அறியப்பட்ட பிழை. 10 மி.மீ. என்ற இடத்தில் ஒரே கோடு கிழித்திருந்தால் அந்தச் சாய்வே பலரின் வகையை மாற்றியிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் 7 மி.மீ. வரை தொற்றாதவர் என்றும் 12 மி.மீ.யோ அதற்கு மேலோ தொற்றியவர் என்றும் வைத்துக்கொண்டார்கள். நடுவில் உள்ளவரை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. எல்லாரும் உருட்டும் அந்த 10, யாருக்கும் தீங்கில்லாமல் நடுப்பட்டையில் விழுந்துவிட்டது.

வாசகரின் விண்ணப்பங்களுக்கும் இந்த மூன்று கூடைதான் தேவை. ஒவ்வொரு வரியையும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஐந்தைத் தொட்டுவிட்டாலோ தாண்டிவிட்டாலோ தகுதி. இரண்டும் ஐந்துக்குக் கீழே என்றால் தகுதியில்லை. ‘நடக்குது’க்காரரும் 57 மாதக்காரரும் அங்கே போகிறார்கள். ஐந்து நடுவில் மாட்டிக்கொண்டால் கேட்க வேண்டும். ‘சுமார் 5’, ‘நாலஞ்சு’ இரண்டும் கேட்க வேண்டிய கூடைக்குப் போகின்றன.

கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘சரியாக எத்தனை வருஷம்?’ என்று கேட்டால் இன்னொரு உருண்டை எண்தான் கிடைக்கும். விதிக்கு அவருடைய அனுபவத்தின் சரியான அளவு தேவையே இல்லை. எல்லைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். 2026 ஏப்ரல் 30 முடியும்போது ஐந்து ஆண்டு நிறைய வேண்டுமானால், 2021 மே 1 அன்றோ அதற்கு முன்போ சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. வாக்கு எண்ணிக்கை மே 2. ‘ஓட்டுப் போட்டபோது இந்த வேலையில் இருந்தீர்களா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஐந்து நிறைந்துவிட்டது. ‘ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் சேர்ந்தேன்’ என்றால் நிறையவில்லை. நடுவிலுள்ள நாலு வாரத்தில் சேர்ந்தவருக்கு மட்டும் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் உள்ள சேர்ந்த தேதியைப் பார்த்தால் போதும்.

பிறந்த தேதி தெரியாதவர்களின் வயதை அறியக் கணக்கெடுப்பாளர்கள் பயன்படுத்தும் உள்ளூர் நிகழ்ச்சி நாட்காட்டியும் இதே முறைதான். மாமல்லபுரம் கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை: 2004 டிசம்பர் 26 சுனாமி, 2016 டிசம்பர் வர்தா, 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தது, 2022 ஆடியில் செஸ் ஒலிம்பியாட், அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல். எத்தனை ஆண்டாயிற்று என்ற தூரத்தை மதிப்பிடுவதில் மனிதர்கள் தடுமாறுகிறார்கள். மறக்க முடியாத நிகழ்ச்சி உண்மையைவிட அண்மையில் நடந்ததாகத் தோன்றும். எது முன், எது பின் என்ற வரிசையைச் சொல்வது அதைவிட எளிது. ஆனால் இந்த முறை சேர்ந்த நாளை மட்டுமே தரும். இடையில் வேலையை விட்டிருந்த மாதங்களைத் தனியாகக் கேட்டுத்தான் கழிக்க வேண்டும்.

கேட்கவும் வழியில்லை, சான்றும் இல்லை என்றால் என்ன செய்வது? அங்கே அறிவியல் நின்றுவிடுகிறது; சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதை விதி எழுதுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்பைப் படமெடுத்துக் கணிக்கும் வயது, இரு பக்கமும் இரண்டு ஆண்டு தவறலாம் என்று 1982இல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2007ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதி விதிகள், வயதைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது ஓராண்டு வரை குறைத்து எடுத்துக்கொண்டு சிறாருக்குச் சாதகமாக முடிவு செய்யலாம் என்று எழுதின. அந்த ஓராண்டு எந்த அளவீட்டிலிருந்தும் தானாக வந்ததில்லை. மனிதர்கள் கூடி எடுத்த முடிவு.

அடுத்த முறை படிவத்தில் ‘எத்தனை ஆண்டு அனுபவம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘எந்த மாதம், எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள்’ என்று கேளுங்கள். இப்போது கையிலிருக்கும் விண்ணப்பங்களில் எண்ணாக்கிய கட்டத்துக்குப் பக்கத்திலேயே அவர் எழுதிய சொற்களையும் அப்படியே வைத்திருங்கள். ‘5’ என்று மட்டும் பதிந்துவிட்டால், அது ‘சுமார் 5’ஆக இருந்ததா, ‘அஞ்சாவது நடக்குது’வாக இருந்ததா என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.