மூணு மெயில், ஒரு கோடு: 7-க்கு மட்டும் ஏன் விலை பூஜ்ஜியம்?

மூன்று மெயில்கள். சந்தேகமான வார்த்தைகள் முதலாவதில் 1, அது நல்ல மெயில். அடுத்தவற்றில் 3, 7, ரெண்டும் ஸ்பேம். கோட்டை 2-ல போடலாம்னு கண்ணே சொல்லிடும். சப்போர்ட் வெக்டர் மெஷின் அங்கே எப்படி வந்து சேருது?

ஒவ்வொரு மெயிலுக்கும் அது தரும் மதிப்பெண் wx + b. நல்ல மெயிலுக்கு −1 அல்லது கீழே, ஸ்பேமுக்கு +1 அல்லது மேலே வரணும். இந்த நிபந்தனைகளை மீறாமல் w²/2-ஐ முடிந்தவரை குறைக்கணும். w குறைந்தால் இரு தரப்புக்கும் நடுவிலான இடைவெளி கூடும்.

லக்ராஞ்ச் வழியில், ஒவ்வொரு நிபந்தனைக்கும் α என்று ஒரு விலை. அது மைனஸில் போகாது. w, b இரண்டையும் வகையிட்டு நீக்கினால் விலைகள் மட்டுமே மிஞ்சும். அதுதான் டூயல் வடிவம். நீக்கும்போதே இரண்டு விஷயம் தெரியவரும்: இரு தரப்பு விலைகளின் கூட்டுத்தொகையும் சமம், ஸ்பேம் பக்க αx-களில் இருந்து நல்ல பக்க αx-களைக் கழித்தால் w.

7 கோட்டிலிருந்து ரொம்ப தள்ளி இருக்கு. அதன் நிபந்தனை யாரையும் நெருக்கவில்லை, அதனால் விலை 0 என்று வைப்போம். மற்ற இரண்டுக்கும் ஒரே α. w = 3α − α = 2α. டூயலில் பெரிதாக்க வேண்டியது 2α − 2α²; உச்சம் α = 1/2-ல். ஆக w = 1, b = −2, கோடு 2-ல். 7-க்கு மதிப்பெண் 5, நாம் வைத்த 0 சரிதான்.

அந்த 1/2 வெறும் எண் இல்லை. 3-க்கான வரம்பை 1-லிருந்து 1.01 ஆக்கினால், w²/2 சுமார் 0.005 கூடும்.

நிஜ டேட்டா இப்படிச் சுத்தமாகப் பிரியாது. அப்போது α-வுக்கு C என்ற உச்சவரம்பு வரும். `n_support_`-ல் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளுமே வந்தால், C-யையும் அம்சங்களையும் மறுபடி பாருங்க.