கொடை இரவுக்கு ஒரு கும்மிப்பாட்டு

தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவைக் 'கொடை' என்பர். சித்திரையிலும் வைகாசியிலும் பல ஊர்களில் கொடை நடைபெறும். அந்நாள்களில் ஊருக்குச் செல்ல இயலாத மும்பைத் தமிழர்கள், தாராவி முதல் முலுண்ட் வரை, தாம் வாழும் இடத்திலேயே அம்மனுக்கு ஓர் இரவை ஒதுக்குகின்றனர். ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஒலிக்கும், கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால், பெண்கள் வட்டமாக நின்று கும்மி கொட்டத் தொடங்கும்போது கேட்டல் போதாது, பாட வேண்டும். பிறந்த ஊரின் பெயரைச் சொல்லி அழைக்கும் புதிய பாட்டு ஒன்றை அந்த இரவுக்காக எவ்வாறு இயற்றுவது என்பதை இங்கே காண்போம்.

முதலில் எழுத வேண்டியது பாட்டன்று. கூட்டம் திருப்பிச் சொல்லும் ஊர்ப்பல்லவியே. பாட்டின் மற்ற அடிகளை முன்பாடுபவர் மனப்பாடம் செய்துகொள்ளலாம். பல்லவியையோ, வட்டத்தில் நிற்கும் பாட்டியும் பத்து வயதுப் பேத்தியும் ஒருமுறை கேட்டவுடன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே, பல்லவி சரியாக அமைந்த பின்னரே அதன் தாளத்துக்கேற்ப ஏனைய அடிகளைக் கட்டுதல் நலம்.

கும்மியின் தாளம் எளியது. ஓரடிக்கு எட்டுக் கைத்தட்டு. முதல் ஏழு தட்டுகளுக்கும் ஒவ்வொரு சீர். எட்டாவது தட்டில் சொல் இல்லை. கடைசிச் சீரின் நீட்சியோ, குலவையோ அவ்விடத்தை நிரப்பும். நான்கு சீர் முன்பாதி, மூன்று சீர் பின்பாதி என அடி பிரியும். இலக்கண நூல்கள் கும்மியை வெண்டளை பிழையாத எழுசீரடி இரண்டு என்று கூறும். பாரதியாரின் 'பெண்கள் விடுதலைக் கும்மி'யும் இந்த அமைப்பில் பிறந்ததே. இலக்கணம் அறியாதவர்களும் கையைத் தட்டிப் பார்த்தே இதைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு தட்டுக்குள் சொல் அவசரப்பட்டால் சீர் நீளம். இடையில் குரல் காத்து நின்றால் சீர் குறைவு.

பல்லவிக்கு அடியின் பின்பாதி அளவே போதும்: மூன்று சீரும் ஒரு வெற்றுத் தட்டும். எடுத்துக்காட்டாக, திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடியிலிருந்து வந்த குடும்பங்களுக்காக எழுதுவதாகக் கொள்வோம்.

பணகுடி மாரியே வாருமம்மா

'பணகுடி' ஒரு தட்டு, 'மாரியே' ஒரு தட்டு, 'வாருமம்மா' ஒரு தட்டு. நான்காவது தட்டில் 'மா' நீள்கிறது. அந்த நீட்சியில்தான் குலவை எழும். ஆதலால் பல்லவி நெடில் உயிரில் முடிதல் வேண்டும். இதை எண்ணாமல் 'முலுண்ட்' என்னும் பெயரைக் கடைசியில் வைத்தால், வல்லின மெய்யில் வாய் மூடிக்கொள்ளும், குரல் நீளாது. அப்பெயரை அடியின் நடுவில் 'முலுண்டில்' என்று வைத்தால் இடர் இல்லை.

எல்லா ஊர்ப்பெயரும் பணகுடியைப்போல ஒரே தட்டில் அடங்குவதில்லை. இதே பல்லவியில் நாங்குநேரியை வைத்துப் பாடிப் பாருங்கள். முதல் தட்டிலேயே நாக்கு தடுமாறும். அப்போது பெயருக்கு இரண்டு தட்டுகள் அளித்து, ஒரு சொல்லைக் குறைக்க வேண்டும்.

நாங்கு நேரி மாரியம்மா

'வாரும்' என்ற சொல் போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. 'அம்மா' என்ற விளியே அழைப்புத்தான். சேரன்மகாதேவிக்கு மற்றொரு வழி உண்டு. ஊரார் அதனைச் 'சேர்மாதேவி' என்றே வழங்குவர். பலகையில் எழுதியுள்ள பெயரை விட்டு ஊரார் வாயிலுள்ள பெயரை எடுத்தால், 'சேர்மா தேவி மாரியம்மா' எனத் தாளம் தானே பொருந்திவிடும்.

பல்லவி அமைந்த பின் அடிகளுக்கு வருவோம். அம்மன் பாட்டு பெரும்பாலும் அழைப்பு, வருகை, வருணனை, வேண்டுதல் என்ற வரிசையில் செல்லும். மும்பையில் பாடும் பாட்டில் வருகைப் பகுதியே புதிதாக எழுத வேண்டியது. அம்மன் இங்கே எப்படி வந்தாள்? அவளை அழைப்பவர்கள் வந்த வழியிலேயே வந்தாள்.

பணகுடி எல்லையைத் தாண்டி நடந்தாள்
பனைமரக் காட்டைக் கடந்துவந்தாள்
கணவாய் வழியாய் முலுண்டில் இறங்கிக்
கடைத்தெரு ஓரமாய் நின்றுகொண்டாள்

நான்கு வரியாக அச்சிட்டுள்ள இவை தாளக் கணக்கில் இரண்டு அடிகளே. 'பணகுடி', 'கணவாய்' என இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை அமைகிறது. 'பணகுடி–பனைமர', 'கணவாய்–கடைத்தெரு' என ஒவ்வோரடியின் இரு பாதிகளும் மோனையால் இணைகின்றன. இவை வெறும் அழகுக்காக அல்ல. முன்பாதி மறந்துபோனவருக்கும் பின்பாதியின் முதலெழுத்தை நினைவூட்டுவன இவையே. கணவாய் என்றது புணேயிலிருந்து கல்யாணுக்கு ரயில் இறங்கிவரும் மலைவழியை. அவ்வழியே பயணம் செய்த முதியவர் எவருக்கும் அதை விளக்க வேண்டியிராது.

வேண்டுதலை எழுதும்போது சற்றுச் சிந்திக்க வேண்டும். பழைய பாடல்கள் அம்மை முத்தை இறக்கித் தருமாறு கேட்கும். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்றைய பேத்திக்கு அவ்வேண்டுதல் பொருள்படாது. மழையைக் கேட்கலாம், அதிலும் இடம் அறிந்து கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சமவெளி ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. மும்பைக்கோ தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் வந்துவிடும். ஒரு கண்ணியில் இங்கே ஆனியில் மழையும், அடுத்த கண்ணியில் அங்கே ஐப்பசியில் மழையும் கேட்டால், இரண்டு ஊரும் பாட்டில் இடம்பெறும்.

எத்தனை கண்ணிகள் வேண்டும்? ஒரு கண்ணிக்குப் பதினாறு தட்டு. முன்பாடுபவர் பாடியதைக் கூட்டம் திருப்பிப் பாடினால் முப்பத்திரண்டு, பல்லவியை இருமுறை சொல்ல மேலும் எட்டு, ஆக நாற்பது. நிமிடத்துக்கு எண்பது தட்டு என்ற மிதமான நடையில் ஒரு கண்ணிக்கு அரை நிமிடம் ஆகும். இருபது கண்ணிகள் எழுதினால் பத்து நிமிடம். வட்டத்தில் முதியவர்களும் குனிந்து நிமிர்ந்து கொட்டுவதால் அதற்கு மேல் நீட்டாதிருப்பது நன்று.

நேரத்துக்கு மற்றொரு வரம்பும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில திருவிழா நாள்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். பம்பையும் உடுக்கையும் முன்னேரத்தில் முழங்கட்டும். பாட்டை ஒலிபெருக்கியின்றி, கைத்தட்டு மட்டுமே கொண்டு ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். மின்கருவி இல்லாமல் நிற்காத பாட்டு கும்மிக்கு உதவாது.

ஒத்திகையிலேயே பாட்டின் குறை தெரிந்துவிடும். பல்லவியை இருமுறை பாடிவிட்டு மூன்றாம் முறை முன்பாடுபவர் வாய் திறவாதிருக்க வேண்டும். கூட்டம் தானாக எடுத்தால் பல்லவி சரி. முணுமுணுப்பு மட்டும் எழுந்தால் சொல் மிகுதி. தட்டு சிதறினால் ஊர்ப்பெயர் தவறான இடத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து பழகாத பிள்ளைகளுக்குப் பல்லவியை மட்டும் தேவநாகரியில் எழுதிக் கொடுக்கலாம். அப்போது 'பணகுடி'யின் ககரத்தை ஒலிக்கிறபடி மெல்லோசை எழுத்தால் எழுத வேண்டும். இல்லையெனில் பிள்ளைகள் ஊரின் பெயரை ஊரார் அறியாத ஒலியில் அழைப்பார்கள்.