தங்கம் விலை ஏன் தினமும் மாறுகிறது?

நகைக்கடைப் பலகையில் நேற்று இருந்த விலை இன்று இருக்காது. சில நாள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. கடைக்காரர் நினைத்தபடி எழுதுகிறாரா? இல்லை. அந்த விலை உலகச் சந்தையிலிருந்து வருகிறது.

இந்தியாவில் தங்கச் சுரங்கங்கள் மிகக் குறைவு. நமக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். உலகச் சந்தையில் தங்கத்துக்கு அமெரிக்க டாலரில் விலை சொல்வார்கள். ஆகவே நம் ஊர் விலையை இரண்டு எண்கள் ஆட்டுகின்றன: தங்கத்தின் டாலர் விலை, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் சுத்தத் தங்கம் 100 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 8,500 ரூபாய். மறுநாள் உலகச் சந்தையில் தங்கம் அசையவே இல்லை. ஆனால் டாலர் 86 ரூபாய் ஆகிவிட்டது. இப்போது அதே கிராம் 8,600 ரூபாய்! இதன்மேல் அரசின் இறக்குமதி வரியும் சேரும். 2024 ஜூலை 23 அன்று மத்திய அரசு அந்த வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது. அன்றே விலை சரிந்தது.

அப்படியானால் விலை இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கலாமா?

ஒரு குடும்பம் அரைப் பவுன், அதாவது 4 கிராம் சங்கிலி வாங்கப்போகிறது. நகைத் தங்கம் கிராம் 9,000 ரூபாய் என்றால், தங்கத்துக்கு மட்டும் 36,000 ரூபாய். கிராமுக்கு 50 ரூபாய் இறங்கினால் மிச்சம் 200 ரூபாய். காத்திருக்கும்போது அது 50 ரூபாய் ஏறவும் கூடும். நாளை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது செய்கூலி, சேதாரத்தைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கடையில் 8 சதவீதம் என்றால் 2,880 ரூபாய். இன்னொரு கடையில் 14 சதவீதம் என்றால் 5,040 ரூபாய். வித்தியாசம் 2,160 ரூபாய்! விலை இறங்கி மிஞ்சியிருக்கும் 200 ரூபாயைப் போல இது பத்து மடங்குக்கும் மேல்.

பல மாதங்கள் காத்திருந்தால் விலை மாற்றமும் பெரிதாக இருக்கலாம். ஆனால் அது லாபமா நஷ்டமா என்பது முன்கூட்டித் தெரியாது. சேதாரம் எவ்வளவு என்பதோ, கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். அதனால் நகை தேவைப்படும்போது, ஒரே மாதிரி சங்கிலிக்கு இரண்டு மூன்று கடைகளில் செய்கூலி, சேதாரம் விசாரியுங்கள். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எடை, கிராம் விலை, செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் தனித்தனியாக எழுதிய ரசீது கேளுங்கள். அந்தக் கூட்டல் சரிதானா என்று பார்க்கும் வேலையை வீட்டில் நீங்களே செய்யலாம்.