மாதம் 15,000 கூடுதல், ஆண்டுக்கு 1,21,000 குறைவு

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே மாதம் 60,000 ரூபாய் வாங்கும் சோதனைப் பொறியாளரிடம், “நிரந்தர வேலையிலிருந்து கன்சல்டன்டாக மாறிக்கொள்ளுங்கள், 75,000 தருகிறோம்” என்று மனிதவளத் துறை சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் கூடுதலாக இருக்கும்: வேலை செய்த நாளுக்கு மட்டுமே கட்டணம். 25% உயர்வுதானே என்று கையெழுத்துப் போடத் தோன்றும்.

முதலில் அவருடைய இன்றைய உண்மையான வருமானத்தைப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 7,20,000. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 12% பி.எஃப். ஆண்டுக்கு 43,200. பணிக்கொடை, அதாவது ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், சுமார் 17,300. ஆக, 7,80,500. நிறுவனமே எடுத்துத் தந்திருக்கும் மருத்துவக் காப்பீடு தனி. வெளியே வந்தால் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் 35,000, மடிக்கணினித் தேய்மானம், இணையம், ஆடிட்டர் என 40,000 என்று ஒரு மதிப்பு போடலாம். பழைய நிலையிலேயே இருக்க அவருக்கு ஆண்டுக்கு 8,55,500 வர வேண்டும்.

கணக்கு பெரும்பாலும் சறுக்குவது நாட்களில்தான். சனி, ஞாயிறு போக ஆண்டில் 261 நாட்கள். நிரந்தர ஊழியருக்கு அத்தனைக்கும் சம்பளம் உண்டு. கன்சல்டன்டுக்குப் பண்டிகை, தேசிய விடுமுறைகள் 9, சொந்த விடுப்பும் காய்ச்சலுமாக 24, ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சும்மா இருக்கும் 15 நாள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 213. எனவே நாளுக்கு 4,016 ரூபாய் கேட்க வேண்டும். பழைய சம்பளத்தை 261 நாளுக்குப் பிரித்தால் வருவது 2,759. இடைவெளி 46%. மாதக் கணக்கில் 87,350 ரூபாய்.

இதே இடைவெளியைப் புதிய கட்டணத்தின் பங்காகப் பார்த்தால் 31%தான். “என் கட்டணத்தில் 31% விடுப்புக்கும் காப்பீட்டுக்கும் போகிறது” என்று சரியாகக் கணித்தவர்கூட, பழைய சம்பளத்தின் மேல் 31% ஏற்றிக் கேட்டால் நாளுக்கு 400 ரூபாய் இழப்பார். அந்த 46% லாபமும் அல்ல. பழைய இடத்திலேயே நிற்பதற்கான செலவு. வேலை போகும் அபாயத்துக்கான ஈடு அதற்கும் மேலே.

75,000 என்ற அழைப்பை இந்தக் கணக்கில் போட்டால்? நாளுக்கு 3,448 வீதம் 213 நாளுக்கு 7,34,500. செலவு 75,000 போக 6,59,500. பழைய நிலையைவிட ஆண்டுக்கு 1,21,000 ரூபாய் குறைவு.

பேரம் பேசும்போது தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த 9 விடுமுறைக்கும் 24 நாள் விடுப்புக்கும் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் தேவையான மாதத் தொகை 75,640 ஆக இறங்கிவிடும். ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு!

காப்பீட்டில் பணத்தைவிடக் காலம் முக்கியம். புதுப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் வேலையை விடுவதற்கு முன்பே, குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும்.

தொழில்முறைக் கட்டணத்தில் பொதுவாக 10% டிடிஎஸ் பிடிப்பார்கள். இந்த வருமானத்துக்குப் புதிய வரித் திட்டத்தில் வரி வராது என்றாலும், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை சுமார் 73,000 ரூபாய் முடங்கியிருக்கும்.

கட்டணம் தாமதமானால் வழி இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம். வேலையைத் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

வந்துபோகும் நேரம், விடுப்பு, வேலை முறை எல்லாவற்றையும் நிறுவனமே தீர்மானித்தால் ‘கன்சல்டன்ட்’ என்ற பெயர் முடிவானதல்ல. யார் மேற்பார்வை செய்கிறார், கட்டுப்படுத்துகிறார் என்பதை வைத்துத் தொழிலாளியா என முடிவு செய்யலாம் என்று தாராங்கதாரா கெமிக்கல் வழக்கில் 1956-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுப்புக்கு அனுமதி கேட்ட மின்னஞ்சல்களும் வருகைப் பதிவும் இப்படியொரு வழக்கைத் தொடுக்கும்போது சான்றுகள். அவற்றை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.