தலைப்பு வரி இல்லாத அட்டவணை

அட்டவணை ஒன்றை நகலெடுத்து வெறும் எழுத்தாக ஒட்டினால் கட்டங்களும் கோடுகளும் மறைந்து, எண்களும் அவற்றைப் பிரிக்கும் காற்புள்ளியோ இடைவெளியோ மட்டுமே மிஞ்சும். முதல் வரியும் கூட வராமல் போனால், எந்த எண் எதன் அளவு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நீண்ட விரிதாளில் இது அடிக்கடி நடக்கிறது. கீழே உருட்டிப்போய் வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, மேலே நிலையாக நிற்கும் தலைப்பு வரி கண்ணில் பட்டாலும் தேர்வில் சேராது. வேறு சில இடங்களில் தலைப்பு தொடக்கத்திலிருந்தே தனிக் கோப்பில் இருக்கும். எண்கள் ஒரு வழியும் விளக்கம் ஒரு வழியுமாகப் பிரிந்துவிடும்.

இரண்டாம் வகைக்குப் பேர்போன எடுத்துக்காட்டு, கணினிக் கற்றல் பாடங்களில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் `pima-indians-diabetes.data` என்ற கோப்பு. அதன் முதல் ஐந்து வரிகள் இவை:

```
6,148,72,35,0,33.6,0.627,50,1
1,85,66,29,0,26.6,0.351,31,0
8,183,64,0,0,23.3,0.672,32,1
1,89,66,23,94,28.1,0.167,21,0
0,137,40,35,168,43.1,2.288,33,1
```

எண்களை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது பயனுள்ளது. கடைசி நெடுவரிசையில் 0, 1 தவிர வேறெதுவும் இல்லை. அது ஆம், இல்லை என்ற விடையாக இருக்கலாம். எட்டாவதில் 50, 31, 32, 21, 33 என்று வருவதால் வயது என்று ஊகிக்கலாம். ஆனால் நான்காவதில் உள்ள 35, 29, 23 ஆகியவையும் வயதாக இருக்கலாமே. மூன்றாவது இன்னும் சிக்கல்: 72, 66, 64 என்பது கிலோ கணக்கில் எடையாகவோ, நாடித்துடிப்பாகவோ, அங்குலத்தில் உயரமாகவோகூட இருக்கலாம். 40 என்ற எண் வந்த பிறகுதான் உயரம் என்ற ஊகம் ஆட்டம் காண்கிறது.

விளக்கக் கோப்பைத் திறந்தால் விடை கிடைக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே வாழும் பீமா பழங்குடியைச் சேர்ந்த, 21 வயதும் அதற்கு மேலும் ஆன 768 பெண்களின் பதிவு அது. கருத்தரித்த தடவைகள், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு, மேற்கைத் தோல்மடிப்பின் தடிமன், இன்சுலின், உடல் நிறை குறியீட்டெண், குடும்ப வழியில் நீரிழிவு வரும் வாய்ப்பைக் காட்டும் ஒரு கணிப்பு, வயது, நீரிழிவு உண்டா இல்லையா என்பது வரிசை.

பெயர் தெரிந்தாலும் அது முழுதாகத் தெரிய வேண்டும். முதல் பெண்ணின் சர்க்கரை 148. வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் அது நீரிழிவைக் காட்டும் அளவு. அங்கே எல்லை 126. ஆனால் இங்கே உள்ளது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் எடுத்தது. அதற்கான எல்லை 200. ஆகவே "சர்க்கரை" என்று மட்டும் எழுதிய தலைப்பும் படிப்பவரை வழி தவறச் செய்யும்.

தலைப்பு இல்லாததால் வரும் பெரிய கேடு சுழியத்தில் இருக்கிறது. ஐந்தாவது பெண்ணின் முதல் எண் 0. அவர் கருத்தரித்ததில்லை என்பதால் அது மெய்யான சுழியம். மூன்றாவது பெண்ணின் நான்காவது எண்ணும் 0. உயிருள்ள ஒருவரின் தோல்மடிப்புக்குத் தடிமனே இல்லாமல் போகாது. அளவு எடுக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். இரண்டு சுழியங்களும் பார்க்க ஒன்றுதான். நெடுவரிசையின் பெயர் தெரிந்தால் மட்டுமே அவற்றைப் பிரித்தறியலாம். இன்சுலின் நெடுவரிசையில் 374 பேருக்கு, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சுழியம்தான் உள்ளது. அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுமார் 80. நீக்கிவிட்டு எடுத்தால் சுமார் 156. கணக்கில் பிழை இல்லாமலே விடை பாதியாகிவிடுகிறது.

அளவு எடுக்காத இடத்தைச் சுழியம் போடாமல் காலியாக விட்டிருந்தால், இடைவெளியால் பிரித்து ஒட்டும்போது வேறு தொல்லை வரும். மூன்றாவது வரி `8 183 64 23.3 0.672 32 1` என்று ஏழே எண்களாகச் சுருங்கி, உடல் நிறை குறியீட்டெண் தோல்மடிப்பின் இடத்துக்கு நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒவ்வொரு வரியிலும் எத்தனை எண்கள் என்று எண்ணினால் குறைந்த வரி தானே தெரியும்.

ஊகித்த பெயர் சரியா என்று ஓரளவு சோதிக்கவும் முடியும். கடைசி நெடுவரிசையில் 1 உள்ளவர்களின் சர்க்கரைச் சராசரி சுமார் 141, 0 உள்ளவர்களுக்குச் சுமார் 110. ஆகவே 1 என்பதே நீரிழிவு என்று நம்பலாம். ஆனால் ஏழாவது நெடுவரிசையிலுள்ள 0.627 என்ன என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அதற்கு மூலக் கோப்பையோ அட்டவணையைத் தயாரித்தவரையோதான் நாட வேண்டும்.

கணினி நிரலும் இதில் தடுமாறும். பைத்தானின் பாண்டாஸ் நிரலகம், வேறு சொல்லாவிட்டால் முதல் வரியைத் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது முதல் பெண்ணின் அளவுகள் நெடுவரிசைகளின் பெயர்களாகி, 768 பேர் 767 ஆகிவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பைப் படிக்கும்போது `header=None` என்று கொடுத்து, ஒன்பது பெயர்களையும் `names` வழியாகச் சேர்த்துவிட்டால் அந்த ஒருவரும் கணக்கில் வந்துவிடுவார்.